கைக்குத் தட்டுப்படும் முன் ஒரு கட்டி வாழ்ந்த ஆண்டுகள்: இரட்டிப்புக் காலம் பற்றி நான் அறிந்தவை

எனக்கு 2025-ஆம் ஆண்டு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு முழுவதும் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, "இது எத்தனை நாளாக இருக்கிறது?" என்பதுதான். மருத்துவமனையில் கேட்டார்கள், உறவினர்கள் கேட்டார்கள், காப்பீட்டு நிறுவனம் எழுத்துமூலமாகக் கேட்டது. ஒவ்வோர் இடத்திலும் அந்தக் கேள்விக்கு வேறு வேறு பொருள் இருந்ததையும், காப்பீட்டுக் கோப்பில் எழுதப்பட்ட ஒரு வரி எனக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய்ச் சுமையாக மாறியதையும் பின்னால்தான் புரிந்துகொண்டேன். புற்றுக்கட்டி எப்படி வளர்கிறது, ஏன் பல ஆண்டுகள் எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே யாராவது எனக்கு விளக்கியிருந்தால், அச்சத்தில் பாதியும் செலவில் ஒரு பகுதியும் குறைந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார், மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறான். ஆகவே மருத்துவமனைக்குப் போவது, பணம் கட்டுவது, முடிவெடுப்பது எல்லாமே என் ஒருத்தியின் வேலையாக இருந்தன. மார்ச் மாதத்தில் இடது மார்பின் மேற்புறத்தில், அக்குளை ஒட்டிய பக்கமாக, அழுத்தினால் நகராத ஒரு கெட்டித்தன்மை தட்டுப்பட்டது. வலி சிறிதும் இல்லை. வலிக்காத கட்டி கெட்டதாக இருக்காது, வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று அண்டை வீட்டு அக்கா ஒருவர் உறுதியாகச் சொன்னார். அவர் அன்பால் சொன்னதுதான் என்றாலும் அது தவறான செய்தி. மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் வலிப்பதே இல்லை.

முதலில் எங்கள் ஊரில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்தில் அல்ட்ராசவுண்ட் எடுத்தேன். அறிக்கையில் கட்டியின் அளவு 16 மில்லிமீட்டர் என்று இருந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போனபோது அவர்கள் தங்கள் இயந்திரத்திலேயே மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் எடுத்த அந்த இரண்டாவது அறிக்கையில் 18 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. சில நாட்களில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் மாத முடிவில் என்ன ஆகும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே முன்பணம் கட்டி, கட்டியிலிருந்து ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியின் முடிவுக்குக்கூடக் காத்திராமல் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொள்ளுமாறு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வற்புறுத்தினார். அந்த நிலையில் நான் எதற்கும் சம்மதித்திருப்பேன்.

என்னை நிறுத்தியவர் அங்கிருந்த கதிரியக்க மருத்துவர். இரண்டு அறிக்கைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வளர்ந்தது இல்லை. அளந்த கோணம்தான் வேறு" என்றார். கட்டி உருண்டையாக இருப்பதில்லை. ஒரு பக்கம் நீளமாகவும் மறு பக்கம் குறுகலாகவும் இருக்கும். ஒருவர் எந்த அச்சில் அளக்கிறார், ஓரத்தில் இருக்கும் மங்கலான விளிம்பைச் சேர்க்கிறாரா விடுகிறாரா என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறுவது இயல்பு. ஆனால் அந்தச் சிறு பிழை கன அளவில் பெரிதாகத் தெரியும். விட்டம் 16-இலிருந்து 18 ஆனால் கன அளவு 42 விழுக்காடு கூடியதாகப் பொருள். சில நாட்களில் அவ்வளவு கூட வேண்டுமென்றால் கட்டி பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மடங்காக வேண்டும். மார்பகப் புற்றுக்கட்டி அப்படி வளர்வதில்லை. எனவே இரண்டு அளவுகளை ஒப்பிடும்போது அவை ஒரே வகை ஸ்கேனில் எடுத்தவையா, இடையில் மாதக் கணக்கில் இடைவெளி இருக்கிறதா, நீளம் அகலம் உயரம் மூன்றும் கொடுக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்காமல் யாரும் பதற வேண்டாம். மேமோகிராமில் உள்ள எண்ணையும் அல்ட்ராசவுண்டில் உள்ள எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதும் சரியல்ல.

இரட்டிப்புக் காலம் என்று மருத்துவர்கள் சொல்வது, கட்டியின் கன அளவு இரண்டு மடங்காக ஆகும் காலத்தைத்தான். விட்டம் இரண்டு மடங்காகும் காலம் அன்று. இந்த வேறுபாடு புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. கன அளவு ஒருமுறை இரட்டிக்கும்போது விட்டம் ஏறத்தாழ 26 விழுக்காடுதான் கூடும். 10 மில்லிமீட்டர் கட்டி ஒருமுறை இரட்டித்தால் 12.6 மில்லிமீட்டர் ஆகும். விரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. விட்டம் இரண்டு மடங்காவதற்கு மூன்று இரட்டிப்புகள் வேண்டும், ஏனெனில் அப்போது கன அளவு எட்டு மடங்காகிறது.

அந்த மருத்துவர் அடுத்து கேட்டது, பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்பது. 2023 ஜூலையில் ஓர் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் மேமோகிராம் எடுத்திருந்தேன். அறிக்கையில் கவலைப்படும்படி எதுவும் இல்லை என்று இருந்தது. அறிக்கையோடு தந்த குறுந்தகட்டை நான் பீரோவில் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் அதைக் கொண்டுபோனேன். அவர் புதிய மேமோகிராமைத் திரையின் வலப்பக்கத்திலும் பழையதை இடப்பக்கத்திலும் நிறுத்தி, கட்டி இருந்த இடத்தைப் பெரிதாக்கினார். புதியதில் நட்சத்திரம் போலக் கூர்கள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. பழையதில் அதே இடத்தில், வெண்மையான திசுக்களுக்கு நடுவே, அவர் அம்புக்குறியை வைத்துக் காட்டிய பிறகு மட்டுமே எனக்குத் தெரிந்த ஒரு சிறு அடர்த்தி. அளந்தார். புதியது 16, பழையது 8.

"அப்படியானால் அன்றைக்கே இருந்திருக்கிறது, ஏன் டாக்டர் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "இருக்கும் இடம் தெரிந்து தேடும்போது கண்ணுக்குப் படுகிறது. தெரியாமல் பார்த்தால், இவ்வளவு அடர்த்தியான மார்பில் இதை நானும் விட்டிருக்கக் கூடும்" என்றார் அவர். என் கோபம் அந்தப் பதிலால் தீரவில்லை, இன்றும் முழுமையாகத் தீரவில்லை. ஆனால் அடர்த்தியான மார்பகங்களில் திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை என்பதால் மேமோகிராம் மறைத்துவிடுவது உண்டு என்பதும், ஏ முதல் டி வரை நான்கு படிகளாகக் குறிக்கப்படும் அடர்த்தி அறிக்கையில் சி அல்லது டி என்று இருந்தால் கூடவே அல்ட்ராசவுண்டும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் பழைய அறிக்கையில் அடர்த்தி சி என்று ஒரு வரி இருந்தது. அது எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2023 ஜூலையிலிருந்து 2025 மார்ச் வரை 20 மாதம், அதாவது ஏறத்தாழ 600 நாள். விட்டம் 8-இலிருந்து 16 ஆனதால் மூன்று இரட்டிப்புகள். ஓர் இரட்டிப்புக்கு 200 நாள். இதைப் பின்னோக்கிக் கொண்டுபோனால்தான் ஆண்டுகள் வெளிப்படுகின்றன. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து இரட்டிப்பில் ஆயிரம் செல்களும் இருபதில் பத்து லட்சமும் முப்பதில் நூறு கோடியும் ஆகின்றன. பத்து லட்சம் செல் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு புள்ளி, எந்தச் சாதாரண ஸ்கேனிலும் அது பிடிபடாது. நூறு கோடி செல் என்பது ஏறக்குறைய ஒரு கிராம் எடை, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். கையில் தட்டுப்படும் கட்டிகள் பொதுவாக ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கின்றன. இன்னும் பத்து இரட்டிப்பு நிகழ்ந்தால் ஒரு கிலோ எடையாகிவிடும், உடல் அதைத் தாங்காது. ஆக, ஒரு கட்டியின் மொத்த வாழ்க்கையை நாற்பது இரட்டிப்பு என்று வைத்துக்கொண்டால், நம் விரலுக்கு அது தட்டுப்படும்போது முப்பது ஏற்கெனவே கடந்துவிட்டன. வங்கியில் நிலையான வைப்பை விளக்கும்போது, ஒரு ரூபாய் எத்தனை முறை இரட்டித்தாலும் முதல் பல தடவைகள் கணக்கேட்டில் கண்ணுக்குத் தெரியாது, கடைசிச் சில தடவைகளில்தான் தொகை தெரியும் என்று நானே வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதே கணக்குதான் இங்கும்.

என் கட்டிக்கு 31 இரட்டிப்பு என்று கொண்டால் 6,200 நாள், 17 ஆண்டு வருகிறது. இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்று மருத்துவர் உடனே எச்சரித்தார், அதற்கான காரணத்தையும் சொன்னார். கட்டி தொடக்கம் முதல் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரைதான் சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறிவரும் ஆக்சிஜனைக் கொண்டு பிழைக்க முடியும். அதைத் தாண்டி வளர வேண்டுமானால் தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்தாக வேண்டும். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்த கருத்து இது. அந்தக் கட்டத்தில் ஒரு கட்டி ஆண்டுக் கணக்கில் தேங்கி நிற்கலாம். மற்றொரு பக்கம், சிறிய கட்டி வேகமாகவும் பெரிதாகப் பெரிதாக மெதுவாகவும் வளர்வதும் உண்டு. அதோடு, கட்டிக்குள் பிறக்கும் செல்களில் பெரும்பகுதி மடிந்துகொண்டே இருக்கின்றன. செல் பிரிவதற்குச் சில நாட்கள் போதும் என்றாலும் கட்டி இரட்டிக்க மாதங்கள் ஆவதற்கு இதுதான் முதன்மையான காரணம். பிறப்புக்கும் இறப்புக்கும் இடையில் எஞ்சும் சிறு மிகுதிதான் வளர்ச்சியாக நமக்குத் தெரிகிறது. ஆகவே 17 ஆண்டு என்பது துல்லியமான பிறந்த தேதி அன்று. பல ஆண்டுகள் என்பது வரைதான் நேர்மையாகச் சொல்ல முடியும். 1956-இல் வின்சென்ட் காலின்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், நுரையீரலுக்குப் பரவிய கட்டிகளை அடுத்தடுத்து எடுத்த மார்பு எக்ஸ்-ரே படங்களில் அளந்து இந்தக் கணக்கை முதன்முதலில் முறைப்படுத்தினார்கள். அன்றிலிருந்தே இந்த வரம்பும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இந்தக் கணக்கு எனக்குத் தந்த முதல் பயன், பதற்றத்தில் முடிவெடுக்காமல் இருக்க முடிந்தது. 200 நாள் இரட்டிப்புக் காலம் உள்ள கட்டிக்கு மூன்று வாரம் தாமதமானால் 16 மில்லிமீட்டர் ஏறத்தாழ 16.4 ஆகும். அவ்வளவுதான். பயாப்ஸி எடுத்து, ஹார்மோன் ஏற்பிகள் உள்ளனவா என்று பார்த்து, இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டு, பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள அந்த மூன்று வாரம் தாராளமாகக் கிடைக்கிறது. அறிக்கை வரும் முன்பே அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொன்னவரிடம் நான் மறுத்துவிட்டேன். ஊசி போட்டால் புற்று பரவிவிடும் என்று என் நாத்தனார் அழுதார். மருத்துவரிடம் அவரையே அழைத்துச் சென்று கேட்க வைத்தேன். ஊசிப் பாதையில் செல்கள் ஒட்டிக்கொள்வது மிக அரிது என்றும், பின்னால் வரும் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் அதையும் கவனித்துக்கொள்ளும் என்றும், எந்த வகை என்று தெரியாமல் சிகிச்சையைத் திட்டமிட முடியாது என்றும் அவர் விளக்கினார்.

ஆனால் இதே கணக்கை மாதக் கணக்கில் தள்ளிப்போடுவதற்குச் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். என் கட்டியின் வேகம் என்னுடையது. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வொன்றில் மார்பகப் புற்றின் இடைநிலை இரட்டிப்புக் காலம், 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 80 நாள், 50 முதல் 70 வரை 157 நாள், 70-க்கு மேல் 188 நாள் என்று கணக்கிட்டார்கள். இவை நடு எண்கள், தனிமனிதர்களிடையே இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு. ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிகள் பொதுவாக மெதுவாகவும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகை வேகமாகவும் வளர்கின்றன. 50 நாளில் இரட்டிக்கும் ஒரு 16 மில்லிமீட்டர் கட்டியை மூன்று மாதம் எண்ணெய் தடவிக்கொண்டும் கஷாயம் குடித்துக்கொண்டும் விட்டுவைத்தால் அது 24 மில்லிமீட்டரை எட்டிவிடும், அதாவது இரண்டு சென்டிமீட்டர் எல்லையைத் தாண்டி அடுத்த நிலைக்குப் போய்விடும். தன் கட்டி எந்த வகை என்று பயாப்ஸிக்கு முன்னால் யாருக்கும் தெரியாது. ஆகவே பயாப்ஸிக்கு முந்திய நாட்களில்தான் அவசரம் காட்ட வேண்டும், அதற்குப் பிந்திய சில வாரங்களில் நிதானம் காட்டலாம்.

என் பயாப்ஸியில் ஹார்மோன் ஏற்பி உள்ள வகை என்று வந்தது. பிரியும் செல்களின் பங்கைக் காட்டும் கேஐ-67 என்ற எண்ணும் குறைவாக இருந்தது. படங்களில் பார்த்த 200 நாளோடு அது பொருந்தியது. இவ்வளவு சிறிய, எந்த உபாதையும் இல்லாத கட்டிக்கு உடல் முழுவதும் பெட் ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அது தெரியும் முன்பே, முதல் நாளின் பதற்றத்தில் என்னிடம் எழுதிக் கொடுத்த பெட் ஸ்கேனுக்கு 22,000 ரூபாய் போய்விட்டது. ஏப்ரலில் மார்பை அகற்றாமல் கட்டியையும், புற்று பரவினால் முதலில் சென்றடையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் மட்டும் எடுத்தார்கள். கணுக்களில் புற்று இல்லை. பிறகு கதிர்வீச்சு.

இந்த இடத்தில் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெதுவாக வளரும் கட்டி, படத்தில் தெரியத்தக்க அளவை எட்டிய பிறகு விரலுக்குத் தட்டுப்படும் வரை இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறது. அதனால் ஆண்டுப் பரிசோதனையில் அது சிக்குவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. வேகமாக வளரும் கட்டிக்கு அந்த இடைவெளி சில மாதங்களே. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் தோன்றி, தட்டுப்படும் அளவுக்கும் வளர்ந்துவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கு முன்பு எடுத்த மேமோகிராம் நன்றாக இருந்தது என்ற ஆறுதலில், புதிதாகத் தட்டுப்பட்ட கட்டியை அடுத்த ஆண்டுப் பரிசோதனைவரை தள்ளிவைக்காதீர்கள். நல்ல அறிக்கைக்குப் பிறகு திடீரென்று வரும் கட்டியைத்தான் இன்னும் விரைவாகக் காட்ட வேண்டும்.

இனி காப்பீட்டுக் கதை. 2024 மே மாதத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தேன். அறுவை சிகிச்சைக்கு கேஷ்லெஸ் விண்ணப்பம் போனபோது, கோரிக்கையைக் கையாளும் டி.பி.ஏ. நிறுவனம் மருத்துவமனைக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. அதில் "நோய் எவ்வளவு காலமாக உள்ளது" என்ற இடத்தில், பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர், கட்டியின் வளர்ச்சி பற்றிய பேச்சை மனத்தில் வைத்து, "சில ஆண்டுகளாக இருந்திருக்க வாய்ப்பு, 2023 படத்திலும் உள்ளது" என்று எழுதிவிட்டார். மருத்துவ அறிவியல்படி அதில் பிழை இல்லை. ஆனால் பாலிசிக்கு முன்பே நோய் இருந்திருக்கிறது, அதை மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லி நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தது. அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் சேர்ந்து வந்த ஏறத்தாழ நான்கு லட்சத்தை, நகைகளை அடகு வைத்து மூன்று லட்சமும் கையிருப்பிலிருந்து மீதியும் எடுத்துக் கட்டினேன். மறைத்தேன் என்று எழுதியிருந்த அந்தக் கடிதம், நோயைவிட அதிகமாக என்னைப் புண்படுத்தியது. எனக்கே தெரியாத ஒன்றை நான் எப்படி மறைத்திருக்க முடியும்?

விடை விதியிலேயே இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் இப்போதைய விதிப்படி, முன்னரே இருந்த நோய் என்பது, பாலிசி தொடங்குவதற்கு முந்திய 36 மாதங்களுக்குள் மருத்துவரால் கண்டறியப்பட்ட நோய், அல்லது அதற்காக மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைக்கப்பட்ட அல்லது பெறப்பட்ட நோய். செல் எப்போது பிறந்தது என்பது அந்த வரையறையில் எங்கும் இல்லை. செல் பிறந்த நாளை வைத்துப் பார்த்தால், முப்பது இரட்டிப்புக் கணக்கின்படி, நடுவயதில் கண்டறியப்படும் பெரும்பாலான திடக்கட்டிகள் பாலிசிக்கு முன்பே தொடங்கியவையாகத்தான் இருக்கும், யாருக்கும் இழப்பீடு தர வேண்டியிருக்காது. என் 2023 அறிக்கையில் நோய் எதுவும் கண்டறியப்படவில்லை, ஆலோசனையும் தரப்படவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, புதிய படத்தை அருகில் வைத்துப் பார்த்தபோது மட்டுமே அந்த அடர்த்தி அடையாளம் காணப்பட்டது.

இதையே வரிசைப்படி எழுதி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு அனுப்பினேன். என் அறுவை சிகிச்சை மருத்துவர், "நோயாளி அறிகுறியை முதலில் உணர்ந்தது மார்ச் 2025, நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதும் மார்ச் 2025, 2023 அறிக்கை இயல்பு நிலை, கட்டியின் உயிரியல் வயது ஒரு மதிப்பீடு மட்டுமே" என்று ஒரு சான்று தந்தார். அவர்கள் மறுபடியும் மறுத்தபின், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம், முறையிட்டேன். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுப்பு வந்தாலோ, ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். விசாரணையில் நிறுவனத்தின் தரப்பில் வந்தவர் இரட்டிப்புக் காலக் கணக்கை எடுத்துச் சொன்னார். அதே கணக்கை நானும் அறிந்திருந்ததால் எனக்குத் தடுமாற்றம் இல்லை. கணக்கை மறுக்கவில்லை, 2024 மே மாதத்தில் அந்த நோயை உலகில் ஒருவராவது அறிந்திருந்தார்களா என்று மட்டும் கேட்டேன். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் என் பக்கம் தீர்ப்பு வந்து, பாலிசியில் அடங்காத சில இனங்கள் போக மற்ற தொகை கைக்கு வந்தது. நகைக்கடனுக்குக் கட்டிய 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட வட்டி வரவில்லை, பெட் ஸ்கேன் பணமும் வரவில்லை.

ஆகவே மருத்துவமனையில் சேரும்போது, டி.பி.ஏ.-வுக்குப் போகும் தாளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அனுப்புவதற்கு முன் நீங்கள் படித்துப் பாருங்கள். "எவ்வளவு காலமாக" என்ற இடத்தில் அறிகுறி தெரிந்த தேதியும் நோய் கண்டறியப்பட்ட தேதியும் இருக்க வேண்டும், ஊகம் இருக்கக் கூடாது. உண்மையில் முன்பே தெரிந்திருந்தால் அதை மறைக்கவும் கூடாது. படங்களைப் பொறுத்தவரை, அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ ஃபைலையோ கேட்டு வாங்குங்கள். இரட்டிப்புக் காலம் தெரிய இரண்டு படங்கள் வேண்டும், ஒரே ஒரு படத்தை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது.

இப்போது உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், குறைந்தது ஐந்து ஆண்டு எடுக்க வேண்டும். மாத்திரையால் காலையில் விரல் மூட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. இடையில் நிறுத்திவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். இரட்டிப்புக் காலத்தை வைத்தே அவர் பதில் சொன்னார். அறுவைக்கு முன்பே எங்கோ சென்று தங்கிய சில செல்கள் இருக்குமானால், 200 நாள் வேகத்தில் அவை படத்தில் தெரியும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும், உறங்கிக் கிடந்தால் இன்னும் அதிகமாகும். டிரிப்பிள் நெகட்டிவ் வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் திரும்பிவிடுகிறது. என்னுடையது போன்ற ஹார்மோன் வகையில் பத்து ஆண்டுக்குப் பிறகும் திரும்புவது உண்டு. ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் ஆபத்து போயிற்று என்று பொதுவாகச் சொல்லப்படுவது மெதுவாக வளரும் கட்டிக்கு அப்படியே பொருந்தாது. மூட்டு வலிக்கு நடைப்பயிற்சியும் வேறு மாத்திரைக்கு மாறும் வாய்ப்பும் இருக்கின்றன என்றார். மாத்திரையைத் தொடர்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஒரே மையத்தில் எடுத்து, பழைய குறுந்தகட்டைக் கையில் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து எழுதித் தருமாறு கேட்டு வாங்குகிறேன்.